அம்மாவின் லேப்டாப்புக்கு நான் போட்ட விதி

ஞாயிற்றுக்கிழமை ராகுகாலம் சாயங்காலம் ஆறு மணிக்கு முடியும். அதனால் எங்கள் வீட்டில் அண்ணாவுக்குப் பெண் பார்க்கிற வீடியோ கால் எல்லாம் ஆறு மணி ஐந்து நிமிடத்துக்குத்தான் தொடங்கும். முன்னால் தொடங்கினால் குடும்பம் விளங்காது என்று அம்மா சொல்வாள். என்னுடைய ரேங்க் மேட்ச்சும் சரியாக ஆறு மணிக்கு.

நான் திருவனந்தபுரத்தில், கழக்கூட்டம் பக்கம் ஒரு கம்பெனியில் சாஃப்ட்வேர் டெஸ்டிங் பார்க்கிறேன். வேலைக்கு அங்கே போனாலும் குடியிருப்பது ஊருக்கு நடுவில் வலியசாலையில், அப்பா, அம்மா, அண்ணாவோடு. வாரம் ஒருநாள் ஆபீஸ் நண்பர்கள் நாலு பேரோடு சேர்ந்து ஒரு துப்பாக்கி விளையாட்டு ஆடுவேன். அஞ்சு பேருக்கு எதிரே அஞ்சு பேர். சாதாரண ஆட்டத்தில் தோற்றால் ஒன்றும் ஆகாது. ரேங்க் ஆட்டத்தில் ஜெயித்தால் புள்ளி ஏறும், தோற்றால் இறங்கும், நடுவில் எழுந்து போனால் தண்டனை வேறு. எங்களில் ஒருத்தனுக்கு ராத்திரி எட்டு மணிக்கு ஷிப்ட் தொடங்கும், பகல் முழுக்கத் தூங்குவான். ஆகவே ஆறிலிருந்து ஏழரை வரைதான் ஐந்து பேரும் உயிரோடு இருக்கும் நேரம்.

எங்கள் வீடு ரயில் பெட்டி மாதிரி நீளம். தெருப்பக்கம் ஹால், கடைசியில் என் அறை. ஹாலில் பூஜை அலமாரிக்குப் பக்கத்தில் இரண்டு பெட்டிகள் உட்கார்ந்திருக்கும். ஒன்று கேபிள்காரர் வைத்துவிட்டுப் போன ஃபைபர் பெட்டி, இன்னொன்று நான் வாங்கிப் போட்ட ரூட்டர். ரூட்டரிலிருந்து ஒரு வயர் சமையலறை வழியாக, நிலைப்படிக்கு மேலே, என் கம்ப்யூட்டர் வரைக்கும் வரும். அந்த வயரில் அம்மா இரண்டு தடவை கைத்துண்டு உலர்த்தியிருக்கிறாள்.

அண்ணாவுக்குக் கோயம்புத்தூரில் ஒரு வரன் வந்தபோதுதான் தகராறு ஆரம்பித்தது. பெண் அங்கே ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் கம்ப்யூட்டர் பிரிவில் வேலை பார்க்கிறாள் என்று மட்டும் எங்களுக்குச் சொல்லியிருந்தார்கள். முதல் வீடியோ கால் நன்றாக நடந்தது. அண்ணாவுக்கு அவளைப் பிடித்துவிட்டது என்பது, அவன் அன்றைக்கு ராத்திரி சாப்பாட்டில் உப்பில்லாத ரசத்தை ஒரு வார்த்தை சொல்லாமல் குடித்ததிலேயே தெரிந்தது. அம்மா அடுத்த கால் வைத்தாள், அதற்கடுத்தது வைத்தாள். இரண்டு குடும்பமும் ஒன்றையொன்று அளந்துகொண்டிருந்தன.

நான் கடைசி அறையில் செத்துக்கொண்டிருந்தேன்.

விஷயம் இதுதான். நான் இங்கே ஒரு பொத்தானை அழுத்தினால் அந்தச் செய்தி மும்பையில் இருக்கிற சர்வருக்குப் போய்த் திரும்ப வேண்டும். அதற்கு ஆகும் நேரத்தைத் திரையின் ஓரத்தில் ஒரு எண்ணாகக் காட்டும். எனக்கு எப்போதும் முப்பத்தெட்டு, நாற்பது மில்லிசெகண்ட். ஹாலில் கால் தொடங்கிப் பத்து நிமிடத்துக்குள் அது நானூறு ஆகிவிடும். நானூறில் என்ன நடக்கும் என்றால், எதிராளி நிற்கிற இடத்தில் நான் சுடுவேன், அவன் அங்கே இருக்க மாட்டான். அவன் எப்போதோ கிளம்பிப் பின்னால் வந்து என்னைச் சுட்டு முடித்திருப்பான். ஒரு முழு ஆட்டமும் நான் சுவரைத்தான் சுட்டேன். சுவரோடு உனக்கு என்ன பகை என்று எங்கள் டீம்காரன் ஒருத்தன் மலையாளத்தில் விசாரித்தான்.

அம்மாவிடம் போய், வீடியோ காலை ராத்திரி ஏழரைக்கு மாற்று என்று கேட்டேன். பெரியவர்கள் சாப்பிடுகிற நேரம், மாற்ற முடியாது என்றாள்.

"நீ வேணா உன் ஆட்டத்தை நாலரைக்கு வெச்சுக்கோ. சுடறதுக்கு ராகுகாலம் நன்னாத்தானே இருக்கும்."

நான் அறைக்கு வந்து ரூட்டரின் ஆப்பைத் திறந்தேன்.

அதில் ஒரு பக்கம் உண்டு. வீட்டில் எந்தக் கருவிக்கு முதல் மரியாதை, எதற்குக் கடைசி, யாருக்கு எவ்வளவு வேகம் என்று நாமே விதி போடலாம். என் கம்ப்யூட்டரை முதல் இடத்தில் வைத்தேன். அந்த ஞாயிறு ஹாலில் கால் நடந்துகொண்டே இருக்க, என் எண் நாற்பதைத் தாண்டவில்லை, ஜெயித்தோம். புள்ளி ஏறிப் பிளாட்டினம் என்கிற மேல்படிக்கு வந்தேன். எனக்கு நானே ஒரு காப்பி போட்டுக்கொண்டேன்.

அடுத்த ஞாயிறு மறுபடி நானூறு.

முதல் மரியாதை போதவில்லை போல, அம்மாவின் லேப்டாப்புக்கு ஒரு வரம்பும் வேண்டும் என்று முடிவு செய்தேன். எங்கள் லைனில் உள்ளே வருவதற்கு நாற்பது மெகாபிட், வெளியே போவதற்கு வெறும் ஐந்து. வெளியே போகிற வழியில்தான் நெரிசல் என்பது எனக்குத் தெரியும். ஆகவே அவள் லேப்டாப் வெளியே அனுப்புவதை ஒரு மெகாபிட்டுக்குக் குறைத்தேன். எண் இறங்கவில்லை. அதற்கடுத்த வாரம் பாதியாக்கினேன். இறங்கவில்லை. மூன்றாவது வாரம் கோபத்தில் இருநூறு கிலோபிட் ஆக்கி, அந்த விதிக்கு "அம்மா பிரேக்" என்று பெயரும் வைத்தேன். ஒரு மருந்து வேலை செய்யவில்லை என்றால் மருந்தே தப்பாக இருக்கலாம் என்று யோசிப்பதற்குத்தான் ஆபீஸில் எனக்குச் சம்பளம் கொடுக்கிறார்கள். வீட்டில் நான் அளவை மட்டும் கூட்டிக்கொண்டே போனேன்.

அந்த மூன்றாவது வார வீடியோ காலில்தான் பெண்ணின் அப்பா முக்கியமான கேள்வியைக் கேட்டிருக்கிறார். கல்யாணத்துக்கு அப்புறம் அவள் வேலையை விடமாட்டாள், திருவனந்தபுரத்தில் ஏதாவது ஆஸ்பத்திரியில் சேர நினைக்கிறாள், உங்களுக்குச் சம்மதமா என்று. அம்மா, எங்களுக்கு ஒரு ஆட்சேபணையும் இல்லை, தாராளமாகப் போகட்டும் என்று பதில் சொன்னாள். சொல்லும்போதே அப்பா முறுக்குத் தட்டை நோக்கிக் கை நீட்டினார். அப்பாவுக்கு சர்க்கரை, ரத்தக்கொதிப்பு எல்லாம் உண்டு. அம்மா அவரை ஒரு பார்வை பார்த்தாள். எங்கள் வீட்டில் அந்தப் பார்வைக்குப் பல்லி கூட நகராது.

இதெல்லாம் நடந்தபோது நான் சுவரைச் சுட்டுக்கொண்டிருந்தேன். யாருக்கும் எதுவும் தோன்றவில்லை. நான் கட்டிப்போட்டது வெளியே போவதை மட்டும்தான், உள்ளே வருவதை இல்லை. எங்கள் ஹாலில் கோயம்புத்தூர்க்காரர்கள் கண்ணாடி மாதிரித் தெரிந்தார்கள், அவர்கள் குரல் பக்கத்து வீடு மாதிரிக் கேட்டது. கால் பிரமாதமாக நடந்தது என்று அம்மா பூரித்துப்போய் மீதி முறுக்கை டப்பாவில் போட்டு மூடினாள்.

இரண்டு நாள் கழித்து, இந்த வரனைக் கொண்டுவந்த தூரத்து மாமா போன் செய்தார். பெண் வேலைக்குப் போவதில் உங்களுக்கு இஷ்டமில்லை போலிருக்கிறது, அதனால் வேறு இடம் பார்க்கலாம் என்று அவர்கள் நினைக்கிறார்கள் என்றார். அம்மாவுக்கு முதலில் புரியவில்லை, அப்புறம் அழுகை வந்தது. தான் என்ன சொன்னோம் என்று மாமாவிடம் அப்படியே ஒப்பித்தாள். அவர்கள் கேட்டது வேறு. "எங்களுக்கு" என்று ஒரு துண்டு, கொஞ்சம் மௌனம், "ஆட்சேபணை" என்று இன்னொரு துண்டு. அதற்குப் பிறகு சத்தமே இல்லை. திரையில் அம்மா, யாரையோ எரித்துவிடுகிற மாதிரி முறைத்தபடி, அசையாமல் நின்றுவிட்டாள். அந்தப் பக்கம் ஒரு குடும்பம் மொத்தமும் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறது.

நெட் சரியில்லை என்று அம்மா மாமா மூலமாகச் சொல்லிப் பார்த்தாள். எல்லாரும் சொல்கிற சமாதானம்தானே என்று பதில் வந்தது.

நான் அறைக்குப் போய் ஆப்பைத் திறந்தேன். "அம்மா பிரேக்" பச்சை விளக்கோடு இருந்தது. ஆட்டம் முடிந்ததும் அணைக்க மறந்திருந்தேன். இரண்டு நாளாகச் சித்தியோடு பேசும்போதெல்லாம் தன் மூஞ்சி தெரிகிறதா என்று அம்மா கத்திக்கொண்டிருந்ததற்கும் இதுதான் காரணம். விதியை அணைத்தேன்.  

அம்மாவிடம் சொல்லத் தைரியம் வரவில்லை. அண்ணாவிடம் சொன்னேன். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அவனோடு ஸ்கூட்டரில் சாலைக் கடைத்தெருவுக்குக் காய்கறி வாங்கப் போயிருந்தோம். பப்படக் கடை வாசலில் கூட்டம் குறையக் காத்து நின்றபோது முழுவதையும் சொல்லி முடித்தேன். அவன் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் சௌகரியமாக இருந்திருக்கும். பப்படக் கட்டைப் பைக்குள் வைத்துவிட்டுக் கேட்டான்:

"ஜெயிச்சியா அன்னிக்கு?"

"இல்லேண்ணா."

"சரி. நீ பண்ணினதை நீயே சொல்லு. அம்மாகிட்ட அப்புறம். முதல்ல அவகிட்ட."

கோயம்புத்தூர்ப் பெண்ணின் நம்பர் எங்கள் இருவரிடமும் கிடையாது. மாமாவிடம் கேட்டால் ஊருக்கே தெரிந்துவிடும். வேலை தேடுகிறவர்கள் பதிந்துவைக்கிற ஒரு தளத்தில் அவள் பெயரையும் ஆஸ்பத்திரியின் பெயரையும் போட்டுத் தேடினேன், கிடைத்தாள். அப்போதுதான் அவள் அங்கே பார்ப்பது நெட்வொர்க் வேலை என்று தெரிந்தது. எழுதின வரைவை நான்கு முறை அழித்தேன். கடைசியில், என் விளையாட்டுக்காக நான்தான் அம்மாவின் பேச்சைத் துண்டாடினேன், அம்மா சொன்னது "ஒரு ஆட்சேபணையும் இல்லை" என்றுதான், வேண்டுமானால் பாருங்கள் என்று எழுதி, ரூட்டர் பக்கத்தைப் படம் எடுத்து இணைத்து அனுப்பினேன். விதியின் பெயரை மறைக்க வேண்டும் என்று அனுப்பின பிறகுதான் தோன்றியது.

அரை மணி நேரத்தில் பதில் வந்தது. மன்னிப்பு, கல்யாணம், குடும்பம் ஒன்றையும் பற்றி இல்லை. படத்தில் மொத்த அப்லோடு வேகம் என்ற கட்டத்தில் ஆயிரம் என்று இருக்கிறதே, உங்கள் லைன் நிஜமாகவே ஆயிரமா என்று கேட்டிருந்தாள். இல்லை, ஐந்து, அந்தக் கட்டத்தை நான் தொடவே இல்லை என்று எழுதினேன். உடனே நம்பர் கொடுத்து, கூப்பிடுங்கள் என்றாள்.

கூப்பிட்டேன். ஒரு வகுப்புக்குப் போன மாதிரி இருந்தது, ஆனால் சுவாரசியமான வகுப்பு. அவள் ஆஸ்பத்திரியில் தினமும் இதே தலைவலிதானாம். ஸ்கேன் படங்கள் எல்லாம் ஒரேயடியாக வெளியே கிளம்பும், அதே நேரத்தில் டாக்டரின் போன் பேச்சு வெட்டுப்படக் கூடாது. அவள் சொன்னதை நான் புரிந்துகொண்டது இப்படி. ரூட்டருக்கு லைன் ஆயிரம் என்று சொல்லிவைத்தால், அது வழி காலியாக இருப்பதாக நினைத்து வந்ததையெல்லாம் வந்த வேகத்தில் தள்ளிவிடும். நெரிசல் ரூட்டரில் நடக்காது, அதற்கு அடுத்து இருக்கிற கேபிள்காரரின் பெட்டியில் நடக்கும். அந்தப் பெட்டிக்கு என் விதி எதுவும் தெரியாது. அங்கே எல்லாம் ஒரே வரிசை, என் விளையாட்டின் சின்னச் சின்னப் பொட்டலங்களும் பெரிய மூட்டைகளுக்குப் பின்னால் நிற்கும். ரூட்டரிடம் ஐந்துக்குக் கொஞ்சம் குறைவாக, நாலரை என்று சொன்னால் வரிசை ரூட்டருக்குள்ளேயே உண்டாகும். அங்கேதான் யாரை முன்னால் விடுவது என்று நாம் சொல்ல முடியும்.

"இன்னொண்ணு. வீடியோ கால் ரெண்டு மெகாபிட்டுக்கு மேல அனுப்பாது. அஞ்சை அது ரொப்பவே ரொப்பாது. உங்க வீட்டுல வேற என்னமோ போயிண்டிருக்கு. நீங்க தப்பான ஆளைப் பிடிச்சுக் கட்டிப்போட்டிருக்கேள்."

 அவளே வழியும் சொன்னாள். வரும் ஞாயிறு ஆறு ஐந்துக்கு ஒரு சோதனைக் கால் வைப்போம், அப்பா அம்மாவிடம் நான் பேசிக்கொள்கிறேன், நீ விளையாடாமல் ரூட்டர் பக்கத்தில் உட்கார்ந்து யார் எவ்வளவு அனுப்புகிறார்கள் என்று பார் என்றாள். பேச்சின் நடுவில் எப்போதோ நீங்கள் போய் நீ வந்துவிட்டது. போனை வைக்கும் முன்பு, உங்க அண்ணா எப்படி இருக்கார் என்று கேட்டாள். முதல் கால் நடந்த நாளிலிருந்து ரசத்தில் உப்பு இல்லாவிட்டாலும் அவனுக்குத் தெரிவதில்லை என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை டீமுக்கு லீவு சொல்லிவிட்டேன். அம்மாவிடம், கோயம்புத்தூர்க்காரர்கள் இன்னொரு தடவை பேச விரும்புகிறார்கள் என்று மாமா சொல்லியிருந்தார். அம்மா பட்டுப்புடவை கட்டியிருந்தாள். முகத்தில் முறைப்பு வந்துவிடக் கூடாது என்று முன்கூட்டியே சிரித்துக்கொண்டிருந்தாள், அது இன்னும் பயமாக இருந்தது. அப்பாவின் கைக்கு எட்டுகிற தூரத்தில் தின்பண்டம் எதுவும் இல்லை.

கால் தொடங்கியது. நான் ஸ்டூலில் உட்கார்ந்து ஆப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மாவின் லேப்டாப் ஒன்று புள்ளி எட்டில் நின்றது, அதற்கு மேல் போகவில்லை. அம்மா லேப்டாப் முன்னால் வந்து உட்காரும்போது வழக்கம்போல் தன் போனைக் கொண்டுபோய் அலமாரி ஓரத்தில் சார்ஜில் போட்டிருந்தாள். ஐந்து நிமிடம் ஆனது. பட்டியலில் ஒரு கருவி தலைதூக்கியது. ஒன்று, இரண்டு, மூன்றுக்கு மேல். மொத்தமும் ஐந்தில் போய் முட்டியது. அம்மாவின் போன்.

எழுந்து போய் அதைக் கையில் எடுத்தேன். சார்ஜில் இருக்கும்போதும் வைஃபையில் இருக்கும்போதும் மட்டும் படங்களை இணையத்தில் இருக்கிற சேமிப்புக்கு அனுப்பு என்று யாரோ நல்லவர் அமைத்துக் கொடுத்திருந்தார். அந்த யாரோ நான்தான், போன் வாங்கின அன்றைக்கு. உள்ளே குட்மார்னிங் படங்கள் ஆயிரக்கணக்கில், ஜாதகத்தோடு அனுப்புவதற்காக அண்ணாவை எடுத்த முப்பது கோணங்கள், கோயில் தேர் பதினேழு நிமிட வீடியோ. ஒவ்வொரு ஞாயிறும் அம்மா லேப்டாப்பில் பேசும்போது போன் சும்மா கிடக்கும், சார்ஜுக்குப் போகும், தேர் வெளியே கிளம்பும், அது போய்ச் சேர்வதற்குள் அம்மா போனைக் கழற்றிவிடுவாள், அடுத்த ஞாயிறு மறுபடி முதலிலிருந்து. நான் ஜெயித்த அந்த ஒரு ஞாயிறு எப்படி என்றும் விளங்கியது. அன்றைக்குச் சார்ஜரை அப்பா மாடியில் மறந்துவைத்துவிட்டு வீட்டையே தேடவைத்தார்.

சார்ஜரிலிருந்து போனைக் கழற்றினேன். பட்டியலில் அது கீழே விழுந்தது.

"என்ன, கண்டுபிடிச்சாச்சா?" என்று திரையிலிருந்து அவள் கேட்டாள். இரண்டு குடும்பமும் என்னைத் திரும்பிப் பார்த்தது. அம்மாவிடம் தனியாக, நல்ல நேரம் பார்த்து, அவளுக்குப் பாதம் பிடித்துவிட்டுச் சொல்லலாம் என்று நினைத்திருந்தேன். அது போயிற்று. எல்லாரும் கேட்க முழுவதையும் சொன்னேன். என் ஆட்டம், ஒரு மெகாபிட், பாதி, இருநூறு. பிரேக் என்ற பெயரை மட்டும் விட்டேன். கோயம்புத்தூர் அம்மா அதைச் சேர்த்துக்கொடுத்தார், பெண் படத்தைக் காட்டியிருக்கிறாள்.

அம்மா என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வை இப்போது எந்தத் தடங்கலும் இல்லாமல் கோயம்புத்தூருக்குப் போய்ச் சேர்ந்தது. அங்கே பெண்ணின் அப்பாதான் முதலில் சிரித்தார். ஓ, இதுதானா அது, அன்றைக்கு நாங்கள் பார்த்தது இதேதான் என்றார். அம்மாவுக்கு வெட்கமாகிவிட்டது. திரைப்பக்கம் திரும்பி, ஆர்டர் எழுதிக்கொள்ளச் சொல்கிற மாதிரி நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்.

"எங்களுக்கு ஒரு ஆட்சேபணையும் இல்லை. இல்லைங்கறது கேட்டுதா?"

கேட்டது என்றார்கள். அண்ணா நடு ஹாலில் நின்றுகொண்டு தரையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான்.

அதற்குப் பிறகு ஒரு வாரம் அம்மா என்னோடு பேசவில்லை. சாப்பாடு போட்டாள், பேசவில்லை. பிரேக் என்று எழுதினதுதான் அவளுக்கு ரொம்ப வலித்திருக்கிறது. வரம்பு போட்டதைக்கூட அவள் மன்னித்துவிட்டாள் என்று அப்பா எனக்கு ரகசியமாகத் தெரிவித்தார். ஆபீஸ் விட்டு வந்து இரண்டு நாள் வரிசையாகத் தேங்காய் துருவிக் கொடுத்தேன். மூன்றாம் நாள், துருவினது பெரிசு பெரிசாக இருக்கிறது என்று அம்மா சொன்னாள். பேச்சு திரும்பியது.

ரூட்டரை வருங்கால மன்னி போனில் சொல்லச்சொல்ல நான் மாற்றினேன். வெளியே போக நாலரை, உள்ளே வர முப்பத்தாறு. என் கம்ப்யூட்டருக்கும் அம்மாவின் லேப்டாப்புக்கும் முன்வரிசை. அம்மாவின் போனுக்குக் கடைசி இடம். அதற்கு வரம்பு வேண்டாம் என்றாள், மிச்சம் இருப்பதையெல்லாம் அது எடுத்துக்கொள்ளட்டும், மற்றவர்களுக்கு வேண்டும்போது ஒதுங்கிக்கொள்ளும். அப்படியே ஆயிற்று. அடுத்த ஞாயிறு சோதிப்பதற்காகவே போனைச் சார்ஜில் போட்டு, தேரை ஓடவிட்டு, ஹாலில் வீடியோ காலையும் தொடங்கிவைத்துவிட்டு, என் அறையில் உட்கார்ந்தேன். நிச்சயதார்த்தத்துக்கு எத்தனை பேர் வருவார்கள் என்று ஹாலில் கணக்கு நடந்துகொண்டிருந்தது. ஒரு சொல்லும் விடாமல் இரண்டு பக்கமும் கேட்டது. என் திரையின் ஓரத்தில் எண் நாற்பத்தொன்றிலேயே நின்றது.

அந்த ஆட்டத்தில் தோற்றேன். அதற்கடுத்ததிலும் தோற்றேன். எதிராளி நான் பார்க்கிற இடத்திலேயே நின்றான், நான் சுட்டேன், படவில்லை. அவன் திரும்பி நின்று சாவகாசமாக என்னைச் சுட்டான். ஆவணி முடிவதற்குள் அண்ணாவுக்குக் கல்யாணம் ஆயிற்று, மன்னி இங்கேயே ஒரு ஆஸ்பத்திரியில் சேர்ந்தாள், நான் பிளாட்டினத்திலிருந்து கோல்டுக்கு இறங்கியிருந்தேன். சுவரைப் பற்றி விசாரித்த அதே டீம்காரன், இப்போது நெட் எப்படி என்று ஒருநாள் கேட்டான்.

நெட் நன்றாக இருக்கிறது என்றேன்.  அவன் அடுத்த ஆட்டத்தில் என்னைப் பின்னால் நின்று கதவைப் பார்த்துக்கொள்ளச் சொன்னான்.